வகைக்கெழு பூஜ்ஜியம், அப்புறம்? விடுபட்ட ஒரு வரிக்கு மதிப்பெண் போடுவது

"மூடியுள்ள உருளைக்கு மிகச்சிறிய புறப்பரப்பு கேட்ட கணக்கில் மாணவர் dS/dr = 0 என்று போட்டு, r = 4 என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது சிறுமமா பெருமமா என்று சோதிக்கவில்லை. எவ்வளவு குறைக்கலாம்? 'கணக்கே மிகச்சிறியது என்றுதானே கேட்கிறது, வேறு என்ன வரும்?' என்கிறார் அவர்."

ஏழு மதிப்பெண் கணக்கு என்றால் ஒரு மதிப்பெண் குறைப்பேன், அதற்கு மேல் இல்லை. ஆனால் அதே வரி விடுபட்ட இன்னொரு கணக்கில் மூன்று போகும். ஏன் இந்த வித்தியாசம் என்பது தெரிந்தால் மாணவரின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதலில் உங்கள் கணக்கு. எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன்: கொள்ளளவு 128π கன செ.மீ. உயரம் h = 128/r². அதை நீக்கிவிட்டால் புறப்பரப்பு S = 2πr² + 256π/r. வகையிட்டால் S' = 4πr − 256π/r². பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தினால் r³ = 64, r = 4. புறப்பரப்பு 32π + 64π = 96π சதுர செ.மீ.

இதற்கு நான் விடைக்குறிப்பு எழுதினால் இப்படிப் பிரிப்பேன். h ஐ நீக்கி S ஐ r இல் மட்டும் எழுதுவதற்கு இரண்டு, ஏனென்றால் இந்தக் கணக்கில் உண்மையான சிந்தனை அங்கேதான் இருக்கிறது. வகையிடுவதற்கு ஒன்று. சமப்படுத்தி r = 4 வருவதற்கு இரண்டு. அது சிறுமம்தான் என்று உறுதி செய்ய ஒன்று. 96π க்கு ஒன்று. உங்கள் மாணவர் ஆறு வாங்குகிறார். விடை மதிப்பெண்ணைத் தொடக்கூடாது. சோதனை இல்லை என்பதற்காக 96π க்கான மதிப்பெண்ணையும் சேர்த்துப் பிடுங்குகிற திருத்துநர்கள் இருக்கிறார்கள். அது ஒரே தவறுக்கு இரண்டு தண்டனை. அவர் எழுதிய எண் சரி, அதற்கு வந்த வழியும் சரி, காரணத்தின் ஒரு கண்ணி மட்டும் இல்லை. அந்தக் கண்ணிக்கு வைத்த மதிப்பெண் மட்டும் போகட்டும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இந்தப் பிரிவு திருத்தத் தொடங்கும் முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் விடைக்குறிப்பில் சோதனைக்குத் தனி மதிப்பெண் இல்லையென்றால், தாளைப் பார்த்த பிறகு புதிதாக ஒன்றை உருவாக்கிக் குறைக்காதீர்கள். ஓரத்தில் குறிப்பு எழுதிவிட்டு ஏழும் கொடுத்துவிடுங்கள். பத்தாவது தாளில் தோன்றிய கண்டிப்பு முதல் ஒன்பது தாள்களுக்குப் பொருந்தியிருக்காது.

சரி, மாணவரின் வாதத்துக்கு வருவோம். அதை உடனே தள்ளிவிடாதீர்கள், அதில் பாதி நியாயம் இருக்கிறது. மிகச்சிறிய மதிப்பு ஒன்று இருக்கிறது என்று கணக்கு உறுதி தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். r என்பது பூஜ்ஜியத்தைவிடப் பெரிய எந்த எண்ணாகவும் இருக்கலாம், ஆகவே இடைவெளிக்கு முனைகள் கிடையாது. எல்லா இடத்திலும் S ஐ வகையிட முடியும். அப்படியானால் அந்தச் சிறுமம் எங்கே இருந்தாலும் அங்கே வகைக்கெழு பூஜ்ஜியமாகத்தான் இருக்க வேண்டும். பூஜ்ஜியமாகும் இடமோ r = 4 ஒன்றுதான். ஆகவே சிறுமம் அங்கேதான். இது குறையில்லாத வாதம். ஒரு மாணவர் இதைத் தாளில் எழுதியிருந்தால் அந்த ஒரு மதிப்பெண்ணை நான் தயங்காமல் கொடுப்பேன்.

ஆனால் உங்கள் மாணவர் எழுதவில்லை. அவர் வாயால் சொல்வதிலும் முக்கியமான துண்டு விடுபட்டிருக்கிறது: முனைகள் இல்லை என்பது. "மிகச்சிறியது கேட்டார்கள், பூஜ்ஜியம் போட்டேன், கிடைத்தது மிகச்சிறியது" என்பது முனைகள் இல்லாத இடத்தில் தற்செயலாக நிற்கும். முனைகள் வந்துவிட்டால் கவிழ்ந்துவிடும்.

அது கவிழ்வதைப் பார்க்க இந்தக் கணக்கைவிட நல்லது எனக்குத் தெரியாது. 60 செ.மீ நீளக் கம்பி. ஒரு பகுதியை வட்டமாகவும் மீதியைச் சதுரமாகவும் வளைக்கிறோம். முழுக் கம்பியையும் ஒரே உருவத்துக்குப் பயன்படுத்தவும் அனுமதி உண்டு. இரண்டு பரப்புகளின் கூடுதல் மிக அதிகமாக இருக்க வட்டத்துக்கு எவ்வளவு கம்பி கொடுக்க வேண்டும்?

வட்டத்துக்கு x செ.மீ. கூடுதல் பரப்பு A = x²/(4π) + (60 − x)²/16. வகையிட்டால் A' = x/(2π) − (60 − x)/8. பூஜ்ஜியம் போட்டால் x = 60π/(4 + π), ஏறத்தாழ 26.4 செ.மீ. மாணவர் இங்கே நின்று "ஆகவே x = 26.4 எனில் பரப்பு பெருமம்" என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுவார். வகையிடல் சரி, இயற்கணிதம் சரி, கையெழுத்துகூட அழகாக இருக்கும். அந்தப் பரப்பைக் கணக்கிட்டால் வருவது சுமார் 126 சதுர செ.மீ. முழுக் கம்பியையும் சதுரமாக்கினால் 225. முழுவதையும் வட்டமாக்கினால் சுமார் 286.5. அவர் பெருமம் என்று கோடு போட்டது, கிடைக்கக்கூடியதிலேயே மிகச்சிறிய பரப்புக்கு.

இரண்டாம் வகைக்கெழுவை எடுத்திருந்தால் ஒரே வரியில் தெரிந்திருக்கும்: A'' = 1/(2π) + 1/8. இதில் x இல்லவே இல்லை, எப்போதும் மிகை. வளைகோடு முழுவதும் மேல்நோக்கிக் குழிந்த கிண்ணம். கிண்ணத்தின் அடியில்தான் வகைக்கெழு பூஜ்ஜியமாகிறது. உயரமான இடம் வேண்டுமென்றால் விளிம்புகளைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வரிதான் இல்லை. உருளையில் அந்த வரி இருந்திருந்தால் விடை மாறியிருக்காது. கம்பியில் இருந்திருந்தால் விடையே மாறியிருக்கும். நான் மதிப்பெண் போடும்போது கேட்டுக்கொள்வது இந்த ஒரு கேள்விதான்: சோதித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் மாறியிருக்காது என்றால் அது விடுபட்ட ஒரு காரணம். மாறியிருக்கும் என்றால் விடுபட்டது கணக்கின் பாதி.

அதனால் கம்பிக் கணக்கின் விடைக்குறிப்பும் வேறு மாதிரி இருக்க வேண்டும். A ஐ x இல் எழுதுவதற்கு இரண்டு, வகையிடலுக்கு ஒன்று, x = 26.4 க்கு ஒன்று மட்டும், ஏனென்றால் இங்கே அது ஒரு வேட்பாளர், அவ்வளவே. அது சிறுமம் என்று கண்டுகொண்டு முனைகளை ஒப்பிடுவதற்கு இரண்டு, இறுதி விடைக்கு ஒன்று. 26.4 இல் நின்ற மாணவர் நான்கு வாங்குகிறார். உருளையில் ஆறு, இங்கே நான்கு. ஒரே தவறுக்கு ஏன் வேறு வேறு மதிப்பெண் என்று யாராவது கேட்டால் 126 ஐயும் 286 ஐயும் காட்டுங்கள்.

இந்தக் கணக்கை வைக்கும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும். "கம்பியை இரண்டாக வெட்டி" என்று எழுதிவிட்டால் x பூஜ்ஜியமாகவும் முடியாது, 60 ஆகவும் முடியாது. அப்போது பெருமமே கிடையாது. x ஐ 60 க்கு எவ்வளவு நெருக்கினாலும் பரப்பு கூடிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. ஒரு பருவத் தேர்வில் நான் அப்படி "வெட்டி" என்று எழுதி, x = 60 என்பதை விடையாக வைத்திருந்தேன். "பெருமம் இல்லை" என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். முதலில் சிவப்பு மையால் கோடு போட்டேன். கேள்வியை மறுபடி படித்த பிறகு அந்தக் கோட்டை அடித்துவிட்டு முழு மதிப்பெண் கொடுத்தேன், அப்புறம் எல்லாத் தாள்களையும் எடுத்து அந்தக் கேள்வியை மட்டும் மீண்டும் திருத்தினேன்.

அடுத்தது, எதைச் "சோதனை" என்று ஏற்பது. மதிப்பெண் போடுவதில் சிரமம் முழுவதும் இங்கேதான். ஒன்றுமே எழுதாத தாள் எளிது. ஏதோ எழுதிய தாள்தான் நேரத்தை எடுக்கும்.

வழக்கமாக வருவது இரண்டாம் வகைக்கெழு. உருளைக்கு S'' = 4π + 512π/r³. r = 4 இல் 12π, மிகை, ஆகவே சிறுமம். முழு மதிப்பெண். சிலர் 4 ஐப் பிரதியிடாமலே "r > 0, ஆகவே S'' > 0" என்று எழுதுவார்கள். பிரதியிடவில்லை என்று குறைத்துவிடாதீர்கள். அவர் சொல்வது இன்னும் வலுவானது. r = 4 இல் மட்டும் மிகை என்றால் பக்கத்தில் இருக்கிற புள்ளிகளைவிடத் தாழ்வானது என்றுதான் பொருள். எல்லா r க்கும் மிகை என்றால் முழு வளைகோட்டிலும் அதுவே தாழ்வானது.

ஆனால் எந்தக் கோவையும் இல்லாமல் "d²S/dr² > 0, எனவே சிறுமம்" என்று மட்டும் ஒரு வரி வரும். இதற்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. எதுவும் கணக்கிடாமல் முடிவை மட்டும் எழுதிய வரி அது. அதே மாணவரின் கம்பிக் கணக்கைப் புரட்டினால் அங்கே "d²A/dx² < 0, எனவே பெருமம்" என்று இருக்கும். கேள்வியில் என்ன சொல் இருக்கிறதோ அதற்கேற்ற குறியைப் போடுகிறார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

இதைவிட யோசிக்க வைக்கிற தாள் ஒன்று உண்டு. இரண்டாம் முறை வகையிடும்போது குறி தவறி S'' = 4π − 512π/r³ என்று வந்துவிடுகிறது. r = 4 இல் 4π − 8π, அதாவது −4π. இதைப் பார்த்த ஒருவர் குறை எண் என்பதைக் கண்டுகொள்ளாமல் "> 0, சிறுமம்" என்று முடித்துவிடுகிறார். இவருக்குச் சோதனை மதிப்பெண் இல்லை. இன்னொருவர் "S'' < 0 வருகிறது, இது பெருமம் ஆகிவிடும், எங்கோ தவறு" என்று எழுதி நிறுத்தியிருக்கிறார். இவருக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுப்பேன். குறி தவறியது வகையிடலில். −4π என்றால் என்ன பொருள் என்பது அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது, சோதனை சோதித்ததும் அதைத்தான். கண்டிப்பான விடைக்குறிப்பு இதை ஏற்காது, அது எனக்குத் தெரியும். என் சொந்த வகுப்பில் நான் இப்படித்தான் செய்கிறேன்.

r ஐயே தவறாகக் கண்டுபிடித்தவருக்கும் இதே நியாயம். r³ = 64 இலிருந்து r = 8 என்று எழுதிவிட்டு, தன் 8 ஐ வைத்து S'' = 4π + π = 5π > 0 என்று சரியாகச் சோதித்திருந்தால், r க்கான மதிப்பெண் போகும், சோதனைக்கானது போகாது.

இரண்டாவது வழி, முதல் வகைக்கெழுவின் குறி. r = 3 இல் S' = 12π − 28.4π, குறை. r = 5 இல் 20π − 10.24π, மிகை. இறங்கி வந்து ஏறுகிறது, ஆகவே சிறுமம். இதற்கும் முழு மதிப்பெண். எண்களைப் போடாமல் வெறும் − 0 + என்று அட்டவணை மட்டும் வரைந்திருந்தால், குறிகள் எங்கிருந்து வந்தன என்று காட்ட ஒரு வரியாவது வேண்டும். S' = 4π(r³ − 64)/r² என்று எழுதியிருந்தால் போதும், குறி கண்ணுக்கே தெரிகிறது.

மூன்றாவது, மாணவர்கள் அடிக்கடி செய்வதும் பல திருத்துநர்கள் அடித்துவிடுவதும்: S இன் மதிப்புகளையே ஒப்பிடுவது. S(3) சுமார் 103.3π, S(4) = 96π, S(5) = 101.2π. "இரண்டு பக்கமும் கூடுகிறது, ஆகவே சிறுமம்." இரண்டு எண்ணைப் போட்டுப் பார்ப்பதெல்லாம் நிரூபணமா என்று தோன்றும். பொதுவாக இல்லைதான். 3 க்கும் 4 க்கும் நடுவில் வளைகோடு இன்னும் கீழே போய் வந்திருக்கலாமே! ஆனால் இந்தக் கணக்கில் போகமுடியாது. அப்படிப் போய்த் திரும்ப வேண்டுமென்றால் நடுவில் எங்காவது வகைக்கெழு பூஜ்ஜியமாக வேண்டும், அப்படி ஒரு இடம் இல்லை என்று r³ = 64 என்ற வரி ஏற்கெனவே காட்டிவிட்டது. தீர்வு ஒன்றே ஒன்று என்பது தாளில் தெரிந்தால் நான் இதற்கும் முழு மதிப்பெண் கொடுக்கிறேன். முன் சொன்ன குறி அட்டவணையில் பக்கத்துக்கு ஒரே ஒரு எண்ணை வைத்துப் பார்ப்பதை நாம் ஏற்பதும் இதே காரணத்தால்தான். அதை ஏற்றுவிட்டு இதைத் தள்ளுவது பொருந்தாது.

இன்னொன்று, அரிதாக வரும்: "r பூஜ்ஜியத்தை நெருங்கினால் 256π/r எல்லையின்றிப் பெருகும், r மிகப் பெரிதானால் 2πr² எல்லையின்றிப் பெருகும், நடுவில் எங்கோ தாழ்ந்தாக வேண்டும், வகைக்கெழு பூஜ்ஜியமாவது ஒரே இடத்தில், ஆகவே அதுவே சிறுமம்." விடைக்குறிப்பில் இந்த வழி இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டாம் வகைக்கெழுவை இயந்திரமாகப் போடுகிறவரைவிட இவர் உருளையைப் பார்த்திருக்கிறார்: ஊசிபோல நீண்டாலும் தட்டுபோல விரிந்தாலும் பரப்பு கூடும் என்பது அவருக்குத் தெரிகிறது.

சோதனை போலத் தெரிந்து சோதனை ஆகாதது ஒன்றும் இருக்கிறது. 12 செ.மீ பக்கமுள்ள சதுரத் தாளின் நான்கு மூலைகளிலும் x பக்கமுள்ள சதுரங்களை வெட்டி, மடித்து, திறந்த பெட்டி செய்கிற கணக்கு. V = x(12 − 2x)², வகைக்கெழு பூஜ்ஜியமாகும் இடங்கள் x = 2, x = 6. மாணவர் "x = 6 எனில் பெட்டியே இல்லை, ஆகவே x = 2" என்று எழுதி முடிப்பார். 6 ஐ நீக்கியது சரி. ஆனால் ஒன்றை நீக்கியதால் மற்றது பெருமம் ஆகிவிடாது. அவர் சோதித்தது 6 ஐ, 2 ஐ அல்ல. "V(0) = 0, V(6) = 0, V(2) = 128" என்று இன்னொரு வரி சேர்த்திருந்தால் மூடிய இடைவெளியில் முழுச் சோதனையும் முடிந்திருக்கும், வகைக்கெழு மறுபடி தேவையே இல்லை.

இரண்டாம் வகைக்கெழு பூஜ்ஜியமாகவே வந்துவிட்டால் அந்தச் சோதனை எதுவும் சொல்லாது; x⁴ க்கும் x³ க்கும் x = 0 இல் அது பூஜ்ஜியம்தான், முதலாவதில் சிறுமம், இரண்டாவதில் இரண்டும் இல்லை. அப்போது குறி அட்டவணைக்குப் போக வேண்டும். உருளை, கம்பி, பெட்டி போன்ற கணக்குகளில் இது பெரும்பாலும் வராது.

கேள்வியின் சொற்களையும் பாருங்கள். "புறப்பரப்பு சிறுமம் ஆகும் r ஐக் காண்க" என்பது ஒன்று, "r = 4 எனில் புறப்பரப்பு சிறுமம் எனக் காட்டுக" என்பது வேறு. இரண்டாவதில் விடையைக் கேள்வியே கொடுத்துவிட்டது, மாணவர் தர வேண்டியது காரணம் மட்டும். அங்கே S'(4) = 0 என்று மட்டும் காட்டிவிட்டு நிறுத்தினால் நான் ஏழில் ஒன்றோடு விடமாட்டேன், சோதனைக்குக் குறைந்தது இரண்டு மதிப்பெண் வைத்திருப்பேன்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஓரத்தில் "−1" என்று மட்டும் எழுதாதீர்கள், எதற்கு என்று அவருக்குத் தெரியாது. r = 4 க்குப் பக்கத்தில் "இது பெருமம் இல்லை என்று எந்த வரி சொல்கிறது?" என்று எழுதுங்கள். அப்படி ஒரு வரியும் இல்லை என்பதை அவரே தேடிப் பார்த்துக் கண்டுகொள்வார். அப்புறமும் "வேறு என்ன வரும்?" என்று கேட்டால் கம்பிக் கணக்கைக் கொடுங்கள், "வெட்டி" என்ற சொல் இல்லாமல். 26.4 என்று கொண்டுவந்து காட்டுவார். அதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்லாமல், முழுக் கம்பியையும் வட்டமாக வளைத்தால் பரப்பு எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.